கொலுவுக்கு வந்த தோழியின் மகன் கைநீட்டுகிறான். அவளிடம் எப்படிச் சொல்வது?

காவிரிக்கரையாள் (வியாழன், இரவு 10.40)

திருச்சியில் இருக்கிறேன். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி, போன வருடம் எங்கள் பக்கமே குடிவந்துவிட்டாள். பஸ்ஸில் பதினைந்து நிமிடம். அவளுக்கு ஐந்து வயது முடிந்த மகன், ஏழு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. என் மகளுக்கு மூன்றரை வயது.

செவ்வாய்க்கிழமை கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தேன். மாலை ஆறரைக்கு வந்தார்கள். அப்போதே வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர். வந்த கால் மணி நேரத்தில் பையன் இரண்டாம் படியிலிருந்த மரப்பாச்சியை உருவிக்கொண்டான். என் மகள் "அது என்னுடையது" என்று பிடித்து இழுத்தாள். அதே மரப்பாச்சியால் அவள் நெற்றியில் ஓங்கி அடித்துவிட்டான். கோலிக்குண்டு அளவுக்கு வீங்கிவிட்டது. நான் அவளைத் தூக்குவதற்குள் அவன் ஓடிப்போய், சுண்டல் தட்டோடு வந்த என் மாமியாரை இடித்தான். முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு மாதம்தான் ஆகிறது அவருக்கு; சுவரைப் பிடித்து நின்றுகொண்டார். கடைசியாகக் கீழ்ப்படியை ஒரு உதை. செட்டியார் பொம்மையின் தலை துண்டாகிவிட்டது. மாமியார் கல்யாணமாகி வந்தபோது கொண்டுவந்த பண்ருட்டி பொம்மை.

தோழி சோபாவில் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "டேய், சும்மா இருடா" என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். "ஆண் பிள்ளை, கொஞ்சம் துறுதுறு" என்றாள். அதோடு முடிந்தது.

இது மூன்றாவது முறை. ஜூனில் என் மகளின் கையைக் கடித்தான், பல் பதிந்தது. ஆகஸ்டில் பிறந்தநாள் அன்று முடியைப் பிடித்து இழுத்தான். அவளை இழக்க எனக்கு மனமில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. என்ன சொல்வது, எப்போது, எப்படி?

---

நெய்வேலி நந்து (வியாழன், இரவு 11.05)

தலை சுத்தமாகப் பிரிந்திருக்கிறதா, விளிம்பு பொடிந்திருக்கிறதா? காகிதக்கூழ் என்றால் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். சுட்ட மண் என்றால் இரண்டு குழாயாக வரும் எபாக்சி பசையைச் சம அளவில் குழைத்து, உடைந்த இரண்டு முகத்திலும் மெல்லப் பூசி, ரப்பர் பேண்டு போட்டு ஒரு இரவு அசைக்காமல் வையுங்கள். பிதுங்கி வரும் பசையை உடனே துடைக்காமல் பாதி இறுகியதும் பிளேடால் சீவினால் வண்ணம் கெடாது. பொம்மைதான் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

---

காவிரிக்கரையாள் (வியாழன், இரவு 11.12)

நன்றி. என் கேள்வி பொம்மையைப் பற்றியது இல்லை. ஆனால் மாமியாரிடம் காட்டுகிறேன்.

---

தேனிக்காரர் (வெள்ளி, காலை 6.30)

அனுபவத்தில் சொல்கிறேன், எதுவும் சொல்லாதீர்கள். பெற்ற பிள்ளையைக் குறை சொன்னவரை எந்தத் தாயும் மன்னித்ததில்லை. நீங்களும் அவளும்தான் தோழிகள், பிள்ளைகள் இல்லை. இனி வெளியே எங்காவது சந்தித்துக்கொள்ளுங்கள். அவன் வளர்ந்துவிடுவான். நானும் சிறு வயதில் கல்லெறிந்து பக்கத்து வீட்டுக்காரர் மண்டையை உடைத்தவன்தான், இன்று வங்கியில் வேலை பார்க்கிறேன்.

---

தெளிவுமதி (வெள்ளி, காலை 8.15)

இதைப் பார்த்ததும் ஏ.டி.எச்.டி. என்று தெரிகிறது. துறுதுறுப்பு, கைநீட்டுவது, சொன்னால் கேட்காதது என்று மூன்றும் இருக்கின்றன. செல்போன் கொடுத்து வளர்த்திருப்பார்கள். உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொல்லுங்கள். தாமதித்தால் பள்ளியில் பெரிய பிரச்சினை ஆகும். என் சித்தி மகனுக்கு எட்டு வயதில்தான் கண்டுபிடித்தார்கள், அதற்குள் மூன்று பள்ளி மாற்றிவிட்டார்கள். நட்பு பெரிதா, குழந்தை பெரிதா?

---

பாலர்வகுப்பு (வெள்ளி, மாலை 5.50)

22 வருடமாக எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளோடு இருக்கிறேன். இந்தப் பேச்சை மாதத்துக்கு இரண்டு முறையாவது யாராவது ஒரு தாயிடம் பேசவேண்டியிருக்கும். சரியாகப் பேசியதும் உண்டு, கெடுத்ததும் உண்டு.

தெளிவுமதி, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் அந்தப் பெயரை வைப்பதற்கு மருத்துவர்களே அவசரப்படுவதில்லை. ஆறு மாதமாவது தொடர்ந்து இருக்கவேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடத்திலாவது தெரியவேண்டும். நம் கையில் இருப்பதோ ஒரே வீட்டில் நடந்த மூன்று மாலைப்பொழுதுகள். அப்படியே இருந்தாலும் இந்த வயதுக்கு முதலில் தருவது பெற்றோருக்கான பயிற்சிதான், மாத்திரை இல்லை. அந்த வார்த்தையோடு போய் நின்றால் அந்தத் தாய் அதற்குமேல் ஒரு சொல்லும் கேட்கமாட்டாள்.

தேனிக்காரர் சொல்வதிலும் பாதி உண்டு. இரண்டு வயதில் கடிப்பதும் அடிப்பதும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கிறது. பேச்சு வர வர அது தானாகக் குறையும். ஆனால் ஐந்து முடிந்த பிள்ளை போகும் இடமெல்லாம் சிறிய குழந்தையைக் காயப்படுத்தினால், அவனுக்கு ஏதோ சரியில்லை, அதைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

காவிரிக்கரை, உங்களிடம் சில கேள்விகள். அன்று அவன் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? பகலில் தூங்கினானா? அடிப்பதற்கு முந்தைய ஒரு நிமிடம் என்ன நடந்தது, ஜூனிலும் ஆகஸ்டிலும் அதே ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது? அடித்த பிறகு நீங்கள் அவனிடம் என்ன சொன்னீர்கள்? இதைப் பொறுமையாக எழுதுங்கள். பேசுவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

---

காவிரிக்கரையாள் (வெள்ளி, இரவு 10.20)

எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே பல விஷயம் தெரிந்தது.

அன்று அவன் பள்ளி விட்டு வந்ததும் பட்டு வேட்டி கட்டி முதலில் வேறொரு கொலுவுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எங்கள் வீடு இரண்டாவது. தூங்கவில்லை. சாப்பிட்டானா தெரியாது, எங்கள் சுண்டலை வேண்டாம் என்றுவிட்டான். உள்ளே வந்ததிலிருந்து "தொடாதே" என்று எட்டுப் பேராவது சொல்லியிருப்போம். மூன்று முறை நான்.

அந்த ஒரு நிமிடம். என் மகள் கொலு முன்னால் ஒரு பாட்டுப் பாடினாள். தோழி கைக்குழந்தையை ஒரு பக்கம் வைத்துக்கொண்டே இவளையும் இழுத்து மடியில் உட்காரவைத்து முத்தம் கொடுத்தாள். இவள் இறங்கி வந்த உடனேதான் மரப்பாச்சிச் சண்டை.

ஜூனில் கடித்தபோது என் மகள் தோழியின் மடியில் இருந்தாள். ஆகஸ்டில் முடியைப் பிடித்து இழுத்தது, புகைப்படத்துக்காகத் தோழி இவளைத் தூக்கிவைத்திருந்தபோது.

மூன்றிலும் மடி. இதை அவளிடம் சொல்லிவிடலாமா?

அடித்த பிறகு நான் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. முறைத்தேன்.

---

பாலர்வகுப்பு (சனி, காலை 7.10)

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். ஆனால் இதைக் கண்டுபிடிப்பு மாதிரி அவளிடம் கொண்டுபோகாதீர்கள். நீங்கள் பார்த்தது மூன்றே முறை. அவள் அவனோடு தினமும் இருக்கிறாள். தம்பியோ தங்கையோ பிறந்த வருடத்தில் மூத்த பிள்ளை முரடாவது உண்மைதான். அது மட்டுமே காரணமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது. நடந்ததை மட்டும் சொல்லுங்கள். மடி இருந்தது என்பதும் நடந்ததில் ஒரு பகுதி, அவளே கோத்துக்கொள்வாள்.

எனக்குத் தெரிந்த ஒழுங்கைச் சொல்கிறேன்.

முதலில் பொம்மையை மறந்துவிடுங்கள். செட்டியாரைப் பற்றி ஒரு வார்த்தை வந்தால் அந்தப் பேச்சு கணக்கு வழக்காகிவிடும். அவள் அடுத்த நாளே புதுப் பொம்மை வாங்கிவந்து வைப்பாள், கடன் தீர்ந்தது என்று இருவருக்குமே தோன்றும், பையன் அப்படியே இருப்பான். மாமியார் விஷயமும் அன்று வேண்டாம். "எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள்" என்று அவள் காதில் விழுந்தால், உங்கள் குடும்பமே உட்கார்ந்து அவள் பிள்ளையைப் பற்றிப் பேசியதாக ஆகிவிடும். பேசியிருப்பீர்கள், அது வேறு.

நேரில் சொல்லுங்கள். வாட்ஸப் வேண்டவே வேண்டாம். அந்தக் கைப்பேசியை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பையன் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். பிள்ளை அடுத்த அறையில் இருந்தால் கேட்கும், கேட்காதது போல விளையாடும். கை வேலையாக இருக்கும்போது பேசுவது நல்லது. கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ பேசினால் கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை, மௌனமும் உறுத்தாது. நாள் கடத்தாதீர்கள். பத்து நாளுக்கு மேல் போனால் "இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்தாயா" என்று அதுவே தனிச் சண்டையாகும்.

சொல்லும்போது ஒரே ஒரு சம்பவம், அதையும் வரிசையாக. பாட்டு முடிந்தது, மடியில் உட்கார்ந்தாள், இறங்கினாள், மரப்பாச்சியை இருவரும் இழுத்தார்கள், அவன் நெற்றியில் அடித்தான், வீங்கியது. அவ்வளவுதான். "எப்போதும்", "அடங்குவதே இல்லை", "முரடன்" மூன்றும் வேண்டாம். அப்புறம் ஒரு கேள்வி: "வீட்டிலும் இப்படி ஆகிறதா?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளவேண்டும். இதுதான் கஷ்டம். நான் 22 வருடமாகச் செய்கிறேன், இன்னமும் நாக்கைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

---

வெண்ணிலா_2 (சனி, பகல் 12.45)

நான் அந்தத் தாயாக இருந்தவள். என் மகன் அப்போது நான்கரை. நெருங்கிய தோழி ஒருத்தி நான்கு நிமிடத்துக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அன்பாகத்தான் பேசினாள், "வளர்ப்பில் கொஞ்சம் கவனம் வை" என்று மட்டும் நடுவில் ஒரு வரி. சமையலறையில் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். கூடத்தில் இருந்த என் கணவர் கேட்டுவிட்டார். அன்று இரவு பிள்ளைக்கு பெல்ட் அடி.

அதன் பிறகு இரண்டு வருடம் எந்த வீட்டு விசேஷத்துக்கும் அவனைக் கூட்டிப்போகவில்லை. அவளோடு இன்றுவரை பேச்சு இல்லை. அவள் சொன்னது தவறில்லை, அது எனக்கும் தெரியும். அவன் அடிப்பது எனக்குத் தெரியாமலா இருந்தது? ஒவ்வொரு வீட்டுக்குள் நுழையும்போதும் வயிறு கலங்கும். எல்லோர் முன்னாலும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது என்று தெரியாததால் சிரித்தேன். உங்கள் தோழியின் சிரிப்பைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

---

பாலர்வகுப்பு (சனி, பிற்பகல் 1.30)

வெண்ணிலா எழுதியதைத்தான் நான் சொல்ல விட்டுவிட்டேன். நாம் சொல்லிவிட்டு வந்த இரவு அந்தப் பிள்ளை அடி வாங்கலாம். அதனால் பேச்சின் முடிவில் "இதற்காக அவனைத் திட்டாதே" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வாள் என்பதையும் கேளுங்கள். அடி வாங்கிய பிள்ளை மறுநாள் என் வகுப்பில் இன்னொரு பிள்ளையை அடிப்பதை நான் பார்க்காத வருடமே இல்லை.

---

காவிரிக்கரையாள் (சனி, இரவு 9.00)

வெண்ணிலா, நான் பதிவு செய்து வைத்திருந்த குரல் செய்தியை அழித்துவிட்டேன். நல்லவேளை அனுப்பவில்லை.

நேரில் இப்படிச் சொல்லலாமா? "தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் மகன் நல்ல பிள்ளைதான். ஆனால் கொஞ்சம் முரடாக நடந்துகொள்கிறான், இப்போதே கவனித்தால் நல்லது. என் மகளுக்கு மூன்றரை வயதுதான், பயந்து போயிருக்கிறாள்."

---

பாலர்வகுப்பு (ஞாயிறு, காலை 6.40)

"தப்பாக எடுத்துக்கொள்ளாதே" என்று தொடங்கினாலே தப்பான ஏதோ வருகிறது என்று அவள் தயாராகிவிடுவாள். "நல்ல பிள்ளைதான், ஆனால்" என்றால் முன்பாதி யார் காதிலும் ஏறாது. "கவனித்தால் நல்லது" என்பதற்கு இப்போது கவனிப்பதில்லை என்று பொருள். "என் மகள் பயந்திருக்கிறாள்" என்பது உண்மைதான், அதைக் கடைசியில் வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் உங்கள் மகளுக்கு வக்கீலாக வந்தது போல ஆகிவிடும்.

இப்படிப் பாருங்கள்: "செவ்வாய்க்கிழமை நடந்தது மனதிலேயே இருக்கிறது. அன்று நீ பால் கொடுத்துக்கொண்டிருந்தாய், முழுவதும் பார்த்திருக்கமாட்டாய். நான் பார்த்ததைச் சொல்லட்டுமா?" அவள் சரி என்றால் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அன்று விட்டுவிடுங்கள். நிஜமாகவே விட்டுவிடுங்கள்.

அப்புறம் உங்கள் பங்கு. பொம்மைகளைப் படிப்படியாக அடுக்கி வைத்துவிட்டு, பசியும் தூக்கமுமாக வந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் எட்டுப் பேர் "தொடாதே" என்றிருக்கிறீர்கள். அதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், பேச்சு இலகுவாகும்.

---

தேனிக்காரர் (ஞாயிறு, காலை 9.20)

அடி வாங்கியது இவர் பெண், மன்னிப்புக் கேட்கவேண்டியதும் இவரா? நல்ல நியாயம்.

---

பாலர்வகுப்பு (ஞாயிறு, காலை 9.55)

மன்னிப்பு இல்லை சார். நடந்ததில் பாதியை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அவள் நம்பமாட்டாள். அவளும் அங்கே இருந்தவள்தானே.

---

செவிப்பணி (ஞாயிறு, பிற்பகல் 3.15)

செவித்திறன் பரிசோதிக்கும் இடத்தில் வேலை செய்கிறேன். ஒரே ஒரு விஷயம். அவனுக்கு அடிக்கடி சளி பிடிக்குமா, டிவி சத்தத்தைக் கூட்டுவானா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா? இந்த வயதில் சளிக்குப் பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது சாதாரணம். வலிக்காது, அதனால் யாருக்கும் தெரியாது. பாதி கேட்கும், பாதி கேட்காது. கூட்டமும் சத்தமுமான வீட்டில் ஒன்றும் புரியாமல் பிள்ளை எரிந்து விழும், சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று பெயர் வாங்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும், சிலருக்கு வற்றாது. வலியில்லாத சோதனை, சில நிமிடம்தான்.

---

காவிரிக்கரையாள் (ஞாயிறு, பிற்பகல் 3.40)

டிவி சத்தத்தைக் கூட்டுவான். அதை நான் பார்த்திருக்கிறேன்!

---

பாலர்வகுப்பு (ஞாயிறு, மாலை 4.30)

எங்கள் வீட்டில் எல்லோரும் கூட்டுகிறார்கள், காது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காது, கண் இரண்டையும் முதலில் பார்ப்பது நல்லதுதான். அதையும் அவளாகக் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்டால், முதலில் தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவரிடமே போகலாம், அவருக்குப் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து தெரியும். செலவு யோசித்தால் அரசு மருத்துவமனையில் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையம் இருக்கிறது. காது, பேச்சு, நடத்தை எல்லாம் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

---

காவிரிக்கரையாள் (புதன், இரவு 11.30)

இன்று போனேன். காலை பதினொன்றுக்கு. பையன் பள்ளியில், கைக்குழந்தை தூளியில். கட்டிலில் ஒரு குன்று துணி கிடந்தது. இருவரும் மடிக்க உட்கார்ந்தோம்.

நீங்கள் எழுதிக்கொடுத்த வரியையேதான் சொன்னேன். "சொல்லு" என்றாள். வரிசையாகச் சொன்னேன். "தொடாதே" என்று எட்டுப் பேர் சொன்னதில் தொடங்கி நெற்றி வீங்கியதுவரை. குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்தினேன்.

அவள் கைக்குழந்தையின் மஞ்சள் சட்டை ஒன்றை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். நான்கு முறை. நான் எதையாவது சொல்லி அதை முடித்துவைக்கத் துடித்தேன். பால்காரர் வந்து மணியடித்துவிட்டுப் போனார், அவள் எழுந்திருக்கவில்லை.

பிறகு முதலில் கேட்டது "பொம்மை என்ன விலை?" என்று. நான் பொம்மையைப் பற்றிப் பேசவே இல்லை! "பொம்மையை விடு" என்றேன். "உன் மகள் மட்டும் என்ன, அவள்தானே முதலில் இழுத்தாள்" என்றாள். "ஆமாம், இழுத்தாள்" என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை. சண்டைக்கு வந்தவளுக்கு அங்கே பிடிமானம் கிடைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் கழித்து அவளாகவே சொன்னாள். பள்ளியிலிருந்து டயரியில் இரண்டு முறை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு முறையும் கணவருக்குக் காட்டாமல் இவளே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். அவருக்கு இரண்டாம் ஷிப்ட். இரவு பத்தரைக்கு மேல்தான் வருவார். பையன் அப்பாவைப் பார்க்காமல் தூங்கமாட்டான், படுக்கும்போது பதினொன்றரை. காலை ஏழு நாற்பதுக்கு வேன். கைக்குழந்தை இரவில் மூன்று முறை எழும், அவனும் கூடவே எழுந்துகொள்வான்.

"உன் வீடு ஒன்றில்தான்டி இன்னும் எங்களைக் கூப்பிடுகிறார்கள்" என்றாள்.

அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. கிளம்பும்போது, இதற்காக அவனைத் திட்டாதே என்று சொன்னேன். கணவரிடம் சொல்வாயா என்று கேட்டேன். "சொன்னால் தோலை உரிப்பார்" என்றாள்.

---

பாலர்வகுப்பு (வியாழன், காலை 6.15)

நன்றாகச் செய்தீர்கள். இழுத்தாள் என்று ஒத்துக்கொண்டது நான் சொல்லிக்கொடுக்காதது, நான் இனி அதைத் திருடிக்கொள்வேன்.

தூக்கத்தைப் பாருங்கள். பதினொன்றரைக்குப் படுத்து, ஏழு நாற்பது வேனுக்குப் பல் துலக்கிச் சாப்பிட்டு நிற்கவேண்டுமென்றால் ஆறரை, ஆறே முக்காலுக்கு எழுப்பியாகவேண்டும். ஏழு மணி நேரம் தேறும், அதிலும் நடுவில் விழிப்பு. ஐந்து வயதுப் பிள்ளைக்குக் குறைந்தது பத்து மணி நேரம் வேண்டும். தினமும் மூன்று மணி நேரம் கடன். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்ந்து உட்காருவோம், பிள்ளைகள் சோராமல் துள்ளுவார்கள், கடிப்பார்கள். இரண்டு வாரம் எட்டரைக்குப் படுக்கவைத்துப் பார்த்தால் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று தெரியும். அப்பா காலையில் கால் மணி நேரம் அவனோடு தனியாக இருக்கட்டும். இரவுக்கு ஏங்கமாட்டான்.

---

தேனிக்காரர் (வியாழன், காலை 8.40)

அப்பாவுக்குத் தெரியாமல் இதையெல்லாம் எப்படிச் செய்வது? டயரியில் மறைத்துக் கையெழுத்துப் போட்டது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரும் பெற்றவர்தானே. நீங்கள் போய்ச் சொல்லாவிட்டாலும் உங்கள் கணவர் அவரிடம் பக்குவமாகச் சொல்லலாம்.

---

வெண்ணிலா_2 (வியாழன், காலை 9.05)

தயவுசெய்து வேண்டாம். அவள் நம்பிச் சொன்னது அது. ஆண்கள் இரண்டு பேர் பேசி முடித்தால் அடி விழுவது பிள்ளைக்கு, சில வீடுகளில் தாய்க்கும்.

---

தேனிக்காரர் (வியாழன், காலை 9.30)

எல்லா அப்பாக்களும் பெல்ட்டோடு நிற்பதில்லை அம்மா. மறைத்தே வைத்திருந்தால் அவர் என்றைக்குத்தான் மாறுவார்?

---

பாலர்வகுப்பு (வியாழன், மாலை 6.00)

இதில் எனக்கே உறுதியான பதில் இல்லை. மறைப்பது நீடிக்காது, அடுத்த முறை பள்ளியே அவரைக் கூப்பிடும். என் அனுபவத்தில், மனைவியோ தோழியோ சொல்வதைவிட மருத்துவர் இருவரையும் உட்காரவைத்துத் தூக்கக் கணக்கு, காதுச் சோதனை என்று பேசினால் அப்பாக்கள் கேட்கிறார்கள். குற்றச்சாட்டாக இல்லாமல் சீட்டில் எழுதிய மருந்து போல இருக்கிறது. ஆனால் எந்த அப்பா எப்படி என்பது அந்த வீட்டுக்காரிக்குத்தான் தெரியும். அவளே தீர்மானிக்கட்டும்.

---

காவிரிக்கரையாள் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.50)

கேட்டிருந்தவர்களுக்காக.

காதுச் சோதனை செய்துவிட்டார்கள். இரண்டு காதும் நன்றாக இருக்கிறது. குழந்தை மருத்துவர் தூக்கத்தைச் சரிசெய்து இரண்டு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறாராம், பள்ளியிலிருந்து ஒரு குறிப்பும் வாங்கிவரச் சொல்லியிருக்கிறார். கணவர் உடன் போனாரா என்று நான் கேட்கவில்லை. எட்டரைக்குப் படுக்கவைப்பது வாரத்தில் நான்கு நாள்தான் நடக்கிறது.

நேற்று முக்கொம்பு பூங்காவில் சந்தித்தோம். வீடு வேண்டாம் என்று நானே சொன்னேன். நான்கு மணிக்கு, இரண்டு பிள்ளைகளுக்கும் முதலில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் கொடுத்துவிட்டு. ஒரு மணி நேரம்தான் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டோம். நான் அவன் பக்கத்திலேயே இருந்தேன். ஊஞ்சலுக்காக ஒருமுறை கை ஓங்கினான். மணிக்கட்டைப் பிடித்து, குனிந்து, "அடிக்க விடமாட்டேன். உனக்கு ஊஞ்சல் வேண்டுமா?" என்றேன். வேண்டும் என்றான். அவ்வளவுதான். ஆனால் கிளம்பும் நேரம் என் மகள் முகத்தில் மணலை வாரி வீசிவிட்டான். தோழி இந்த முறை சிரிக்கவில்லை. தூக்கிக்கொண்டுபோய்த் தனியாக உட்காரவைத்தாள்.

அவள் என்னோடு முன்பு போல இல்லை. போனில் இரண்டு நிமிடத்தில் வைத்துவிடுகிறாள். என் மகளை மடியில் எடுப்பதும் இல்லை. அது பையனுக்காகவா, என் மேலிருக்கும் வருத்தமா என்று தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

---

வெண்ணிலா_2 (ஞாயிறு, இரவு 9.10)

வருகிறேன் என்று சொன்னாளே. நான் அதைக்கூடச் சொல்லவில்லை.

---

நெய்வேலி நந்து (ஞாயிறு, இரவு 9.45)

செட்டியார் தலை என்ன ஆயிற்று? யாரும் சொல்லவில்லையே.

---

காவிரிக்கரையாள் (ஞாயிறு, இரவு 9.58)

ஒட்டியது. எபாக்சிதான். ரப்பர் பேண்டு கொஞ்சம் இழுத்துவிட்டதால் இடப்பக்கம் சாய்ந்து, பக்கத்திலிருக்கும் செட்டிச்சியின் பேச்சைக் கேட்பது போல இருக்கிறார். மாமியாருக்கு அது பிடித்துப்போய்விட்டது.